சக்கர நாற்காலிக்கு மாறப் பழகும் தம்பியிடம் என்ன சொல்வது?

கேள்வி: "என் தம்பிக்கு 26 வயது. பெயின்டிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறப் பழகிக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒட்ட ஊக்கம் தரும் வரிகள் தேடினால் எல்லாமே 'இவரைப் பார்த்தாவது நாம் திருந்துவோம்' என்கிற மாதிரி இருக்கிறது. ஒன்றை ஒட்டினேன், கிழித்துப் போட்டுவிட்டான். அவனைக் காட்சிப்பொருள் ஆக்காமல் நான் என்ன எழுதுவது, என்ன சொல்வது?"

உங்கள் தம்பி கிழித்தது சரிதான் என்று நினைக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த வரிகள் அவருக்காக எழுதப்பட்டவை அல்ல. கையும் காலும் நன்றாக இருக்கும் ஒருவர் காலையில் போனில் பார்த்து, தன் கஷ்டம் சின்னது என்று ஆறுதல் அடைவதற்காக எழுதப்பட்டவை. அதை அவர் படுத்திருக்கும் அறையிலேயே ஒட்டினால், ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் அவர் நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் குளிப்பது, உடை மாற்றுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மறுபடி வேலைக்குப் போவது எல்லாம் பழக்குவதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் இந்தப் பதிலை அந்த ஒரு வகைக் காயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பார்வை இல்லாதவருக்கும், காது கேளாதவருக்கும், பிறவியிலேயே உடல் வேறு மாதிரி அமைந்தவருக்கும் இதில் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது.

உங்கள் கேள்வியில் இருக்கும் உறுத்தலை ரொம்பத் தெளிவாகப் பேசியவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங். எலும்புகள் சுலபமாக முறியும் நோயோடு பிறந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், பத்திரிகையாளர். அவருக்கு 15 வயது இருக்கும்போது ஊரில் ஒருவர் வந்து, அவரை ஒரு சாதனை விருதுக்குப் பரிந்துரைக்கலாமா என்று பெற்றோரிடம் கேட்டாராம். நல்ல எண்ணம்தான், ஆனால் அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம் பெற்றோர். பள்ளிக்குப் போய்க்கொண்டு, பாடம் படித்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளைப் போலத்தான் இருந்தார். 2014இல் சிட்னியில் பேசிய பேச்சில் இதை அவரே சொன்னார். பிறர் மனம் பொங்குவதற்காக மாற்றுத்திறனாளியின் சாதாரண வாழ்க்கையைச் சாதனையாகக் காட்டுவது, அவரிடம் யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதன் இன்னொரு முகம் என்பதுதான் அவர் வாதம். அதே வருடக் கடைசியில் இறந்துவிட்டார். அவர் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன். அதோடு, சிகிச்சை செய்கிறவளாக எனக்குத் தெரிந்த இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் தம்பியின் நிலையில் இருப்பவருக்கு அதுதான் இன்னும் முக்கியம்.

காலிலும் பிட்டத்திலும் உணர்ச்சி இல்லாதவருக்கு, ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் வலிக்காது. நமக்கு வலிக்கும், நம்மை அறியாமலே நெளிந்து உட்காருவோம். அவருக்கு அந்த எச்சரிக்கை வராது. அதனால் கால் மணிக்கு ஒரு தடவை, அதிகம் போனால் அரை மணிக்குள், உடம்பு எடையைப் பிட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். முன்பக்கம் நன்றாகக் குனிந்தோ ஒரு பக்கமாகச் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் இருக்கச் சொல்வோம். கையை ஊன்றி எழும்பி உடனே உட்காருவது போதாது, இரத்தம் திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகும். இதைத் தவறவிட்டால் தோல் சிவக்கும், பிறகு கருக்கும், பிறகு படுக்கைப்புண். சிவப்பாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் அந்த இடத்தில் எடை படாமல் சில நாள் படுத்தால் சரியாகிவிடும். எலும்பு வரை போய்விட்டால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

இப்போது 'தன்னம்பிக்கை நாயகன்' என்று பேர் வாங்கிய ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். என்னிடம் பயிற்சி பெற்றுப் போன ஒருவரை ஊரில் விழா மேடையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது குனிந்து சாய்ந்தால் ஏதோ முடியாதவர் போலத் தெரியுமே என்று மூன்று மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மறுநாள் சிவப்பு. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேருக்கு வழிகாட்டி என்று சொல்லிவிட்ட பிறகு 'அக்கா, பின்னாடி சிவந்திருக்கு' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்களிடம் திரும்பி வந்தபோது புண் ஆழமாகிவிட்டிருந்தது. இந்த மாதிரிக் கதை எங்கள் துறையில் அபூர்வமே இல்லை. சிறுநீர் விஷயத்திலும் இதேதான் நடக்கும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சிறுநீரை எடுப்பவர்கள், வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். யாரிடமும் இடம் கேட்க வேண்டாம், கசிந்து மானம் போக வேண்டாம் என்று. அதன் பலன் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். தாங்கிக்கொள்வதைப் புகழ்ந்தால் மனிதர் தாங்கிக்கொள்ளத்தான் செய்வார். இந்தக் காயத்தில் தாங்கிக்கொள்வது ஆபத்து.

ஆகவே நான் ஒரு வரியைச் சரி என்று சொல்வதற்கு வைத்திருக்கும் அளவுகோல் இது: அதைக் கேட்ட பிறகும் உங்கள் தம்பியால் 'இன்னிக்கு முடியல', 'கசிஞ்சிருச்சு', 'இந்த இடத்தைப் பாரு' என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். 'முயன்றால் முடியாதது எதுவுமில்லை' இதில் தேறாது. 'உன்னைப் பார்த்தால் என் கஷ்டமெல்லாம் சாதாரணமாகத் தெரிகிறது' என்பதும் தேறாது. அதைக் கேட்டவர் உங்கள் கஷ்டத்தைச் சாதாரணமாக்கிக் காட்டும் வேலையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். 'கடவுள் தாங்கக்கூடியவருக்குத்தான் கஷ்டம் தருவார்' என்பதை நம்பிக்கையுள்ளவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது அவர் உரிமை. பிறர் சொன்னால், தாங்க முடியவில்லை என்று சொல்லும் கதவு மூடிவிடும்.

இனி, என்ன சொல்லலாம் என்பதற்கு வருகிறேன். இதில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. ஒருவருக்கு 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதினார். முதல் இடம், தானே செய்து பார்த்து அது நடந்தது என்ற அனுபவம். அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பிறர் வாய்ச்சொல் அதற்கெல்லாம் பின்னால்தான். உடம்பும் மனமும் அப்போது எப்படி இருக்கின்றன என்பதும் சேரும். வார்டில் நான் தினமும் பார்ப்பதும் இதுதான். வெறும் வார்த்தை தனியாக நின்றால் அதற்குப் பெரிய பலம் இல்லை. அவர் அப்போதுதான் செய்து முடித்த ஒரு காரியத்தோடு ஒட்டிச் சொன்னால், அந்தக் காரியத்தை அவர் கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. அதுவரைக்கும்தான் வார்த்தையின் வேலை. அதனால் வரிகளை முன்கூட்டியே தயாரித்து வைக்க முடியாது. அவர் செய்வதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வரி தானாக வரும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையே எடுத்துக்கொள்வோம். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே அசைவு, உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சற்றுக் கோணலாக நிறுத்த வேண்டும். இரண்டு பிரேக்கும் போட வேண்டும். கட்டில் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும், கால் மிதிகளை ஒதுக்க வேண்டும். இடுப்பைக் கட்டிலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, பாதங்களைத் தரையில் வைக்க வேண்டும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பாலம் போல வைக்கும் பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையை நாற்காலியின் இருக்கை மேல் வைக்க வேண்டும். பிறகுதான் நகர்தல். அதில் ஒரு நுட்பம் உண்டு: எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தலையையும் தோளையும் முன்னால் சாய்த்தால் இடுப்பு எழும்பும். பயத்தில் எல்லோரும் தலையை நாற்காலிப் பக்கமே கொண்டுபோவார்கள், இடுப்பு அப்படியே கட்டிலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்னச் சின்னதாக எழும்பி எழும்பி நகர வேண்டும். பலகை மேல் இழுத்துக்கொண்டு போனால் தோல் ஒரு பக்கமும் உள்ளே இருக்கும் சதை ஒரு பக்கமும் இழுபட்டு, வெளியே தெரியாமலே புண்ணுக்கு ஆரம்பம் ஆகிவிடும். கட்டில் நாற்காலியின் இருக்கை உயரத்துக்கே இருந்தால் சுலபம். கட்டில் தாழ்வாக இருந்தால் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு இறங்குவது சரியாக வரும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஏறுவது வராது. அப்போது குறை அவர் கையில் இல்லை, கட்டிலில் இருக்கிறது.

இதில் ஒவ்வொரு இடத்திலும் உங்களுக்குச் சொல்ல ஏதாவது கிடைக்கும். ஒரு நாள் அவர் பிரேக் போட்டுவிட்டு உங்களைப் பார்க்காமலேயே அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அன்றைக்கு, "பிரேக் ரெண்டும் நான் சொல்லாமலே போட்டுட்ட" என்றால் போதும். தலையைச் சரியாகச் சாய்த்த நாளில், "இன்னிக்கு எதிர்ப்பக்கம் நல்லா குனிஞ்ச, அதான் இடுப்பு லேசா எழும்புச்சு" என்று சொல்லலாம். இதில் 'சபாஷ்' இல்லை, 'சூப்பர்' இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் செய்ததும் அதனால் நடந்ததும் மட்டும் இருக்கின்றன. மறுநாள் அதையே செய்ய அது அவருக்குக் கைகொடுக்கும். வெறும் சபாஷ் அப்படி உதவாது. 26 வயது ஆண்பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கியதற்குக் கை தட்டினால், குழந்தை தவழ்ந்ததற்குத் தட்டுவது போல அவருக்குத் தோன்றும், அந்தக் கோபம் நியாயமானது.

சறுக்கிய நாளுக்கான சொல் இன்னும் முக்கியம். பலகை வழுக்கி, நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்து, இருவரும் பயந்து போன ஒரு நாள் வரும். அப்போது நம் வாயில் முதலில் வருவது 'பரவாயில்லடா, விடு, நாளைக்கு முடியும்' என்பது. அதில் இரக்கம் இருக்கிறது, உதவி இல்லை. என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்: "பெட்ஷீட் சுருங்கி பலகைக்கு அடியில மாட்டிக்கிச்சு. அதை எடுத்துட்டு இன்னொரு தடவை பாக்கலாமா, இல்ல இன்னிக்கு இதோட போதுமா?" காரணத்தை அவர் திறமையின் மேல் போடாமல், உண்மையில் எங்கே இருந்ததோ அங்கே வைக்கிறீர்கள். அடுத்து என்ன என்பதை அவர் முடிவுக்கு விடுகிறீர்கள். 'போதும்' என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும், முகம் சுளிக்காமல். ஒருமுறை அந்தப் 'போதும்' மதிக்கப்படவில்லை என்றால் அடுத்த தடவை நீங்கள் கேட்கும் கேள்வியை அவர் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார். பலகையில் இழுபட்ட மாதிரி தெரிந்தால் அதையும் மறைக்காமல், "கொஞ்சம் உரசுன மாதிரி தெரிஞ்சுது, படுத்ததும் கண்ணாடி வெச்சு நீ பாக்குறியா, நான் பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். அரை மணி கழித்தும் சிவப்பு மறையாமல் இருந்தால் அன்றைக்கு உட்காரக் கூடாது, அவ்வளவுதான். உட்காராமல் படுத்ததும் அன்றைய பயிற்சியில் சேர்ந்ததுதான், அப்படியே சொல்லுங்கள்: "சிவப்பைப் பாத்ததும் படுத்துட்ட, அது நல்ல முடிவு." தாங்கிக்கொண்டதைவிட நேரத்தோடு நிறுத்தியதைப் பாராட்டும் வீட்டில் படுக்கைப்புண்ணை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

அவருடைய கையில் முடிவை விடுவது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்தவருக்கு வெளியிலிருந்து உற்சாகம் ஏற்றிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் யாராவது 'நீ செய்யணும், நீ செய்யணும்' என்று தள்ளினால் மனிதன் செய்யாமலிருப்பதற்கான காரணங்களைத்தான் பேச ஆரம்பிப்பான். போதை விடுவிப்பில் தொடங்கி இப்போது மறுவாழ்வு சிகிச்சையிலும் பயன்படும் ஒரு பேச்சு முறை இதைத் திருப்பிப் போடுகிறது. "இந்தப் பலகையில மாறுறது உனக்கு எவ்வளவு முக்கியம்னு பத்துக்கு எத்தனை போடுவ?" என்று கேட்பார்கள். அவர் நாலு என்றால், 'ஏன் எட்டு இல்லை' என்று கேட்கக் கூடாது. "ஏன் ரெண்டு போடாம நாலு போட்ட?" என்று கேட்க வேண்டும். அப்போது அவர் வாயிலிருந்தே காரணம் வரும்: அம்மா தூக்கித் தூக்கி முதுகு வலிக்கிறது என்கிறார், கழிவறைக்கு நானே போக வேண்டும், வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அவருடைய ஊக்க வரி. நீங்கள் எழுதிய எதையும்விட அது நீடிக்கும். எண் போடச் சொல்வது வீட்டில் செயற்கையாகத் தெரிந்தால், "இதுல எது முதல்ல வந்தா உனக்கு நிம்மதி?" என்று சாதாரணமாகக் கேட்டாலும் அதே வேலையைச் செய்யும்.

சின்ன விஷயங்களிலும் இது உண்டு. நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போது அது அவர் உடம்பின் ஒரு பகுதி. வந்த விருந்தாளியிடம் அவர் கதையை அவர் முன்னாலேயே நீங்கள் சொல்லாதீர்கள். யாராவது 'இந்தத் தம்பி எவ்வளவு சிரிச்ச முகமா இருக்கு பாருங்க' என்று ஆரம்பித்தால், "அவன் பெயின்டிங் கான்ட்ராக்ட் கணக்கு பாத்துக்கிட்டிருக்கான், அதைப் பத்திக் கேளுங்க" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். கணக்கு, கிரிக்கெட், வண்டி, கல்யாணம், அரசியல், எதில் அவருக்கு அபிப்பிராயம் இருந்ததோ அதில் இப்போதும் அபிப்பிராயம் கேளுங்கள். சாரத்திலிருந்து விழுவதற்கு முன்னால் அவரோடு சண்டை போடுவீர்கள் என்றால் இப்போதும் போடலாம்.

இப்போது பலர் கேட்கும் இன்னொன்று: இதே நிலையிலிருந்து முன்னுக்கு வந்தவர்களின் கதையைச் சொல்லலாமா? சொல்லலாம், சொல்ல வேண்டும். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதற்கு எவ்வளவு பலம் என்று மேலே சொன்னேனே. ஆனால் அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் டாக்டராக இருந்தபோது 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். 'கால்கள் இல்லாமலே இமயம் தொட்டார், நமக்கு என்ன குறை' என்று அவர் கதையைச் சொல்ல முடியும். அதைக் கேட்டு உங்கள் தம்பிக்கு ஒன்றும் கிடைக்காது. இன்னொரு விதமாகச் சொல்லலாம்: தொழுநோயால் கை முடங்கியவர்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். சக்கர நாற்காலியிலிருந்தபடி அவர் அந்த வேலையைத்தான் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்குத் திரும்பி, அந்தத் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. இப்படிச் சொன்னால் கேட்பவர் மனதில் ஒரு கேள்வி எழும்: என் வேலையில் உட்கார்ந்து செய்யக்கூடியது எது? பெயின்டிங்கில் அளவெடுத்து மதிப்பீடு போடுவது, கலர் கலப்பது, ஆட்களை வைத்துக் கான்ட்ராக்ட் எடுப்பது என்று அவரே யோசிக்கத் தொடங்கலாம். தொடங்காமலும் இருக்கலாம், அவசரம் இல்லை.

எந்தப் புகழ்பெற்றவர் கதையையும்விட, அதே மாதிரி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், பக்கத்து ஊரில், சாதாரணமாகக் கடை நடத்தியோ ஆட்டோ ஓட்டியோ வாழ்கிற ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசுவது மேல். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கம் அப்படிப்பட்டவர்கள் கூடும் இடங்களில் ஒன்று. 1975இல் கடற்படைத் தேர்வில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அது. உங்கள் தம்பி சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கேட்டாலும் இப்படி யாரையாவது தெரிந்திருக்கும். வருகிறவர் உங்கள் தம்பிக்கு உபதேசம் செய்யத் தேவையில்லை. பஸ்ஸில் போகும்போது குழாயை எங்கே வைத்துக்கொள்கிறார், கல்யாண வீட்டில் கழிவறைக்கு என்ன செய்கிறார் என்று பேசினால் போதும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில் இருக்க வேண்டாம்.

இனி எனக்கு அவ்வளவு உறுதி இல்லாத இடங்கள். சுவரில் ஒட்டும் வரியால் நன்மை உண்டா என்றால், தானே எழுதி ஒட்டினால் சிலருக்கு உண்டு என்றுதான் சொல்ல முடியும். பிறர் ஒட்டியது இரண்டு நாளில் சுவரோடு சுவராகிவிடும், அல்லது உறுத்தும். அதேபோல எல்லோருக்கும் 'உன்னால் எனக்கு ஊக்கம்' என்பது வலிக்கும் என்றும் சொல்ல மாட்டேன். சிலர் மேடையை விரும்புகிறார்கள், தங்கள் கதை பிறருக்கு உதவட்டும் என்று மனதார நினைக்கிறார்கள். அது அவர்கள் எடுத்த முடிவு. உங்கள் தம்பி காகிதத்தைக் கிழித்து இப்போதைக்குப் பதில் சொல்லிவிட்டார். ஒரு வருடம் கழித்து வேறு மாதிரி நினைத்தால் அவரே சொல்வார்.

'நீ கட்டாயம் நடப்பாய்' என்ற வரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் சொல்லும் வரி அதுதான். நரம்பு முழுதும் துண்டித்த மாதிரி அசைவும் உணர்ச்சியும் இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு நடை திரும்புவதில்லை. ஓரளவு உணர்ச்சியோ அசைவோ மிச்சம் இருந்தால் நிலைமை வேறு, திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் வரும். உங்கள் தம்பி இதில் எந்தப் பக்கம் என்பதை, ஆசனவாய்ப் பகுதி உணர்ச்சி உட்படப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் நம்பிக்கையைக் கெடுக்கவும் வேண்டாம், உறுதிமொழி கொடுக்கவும் வேண்டாம். அவராகக் கேட்டால், "அது எனக்குத் தெரியலடா. டாக்டர்கிட்ட நேரா கேக்கலாம், நானும் கூட வரேன். நடந்தாலும் நடக்காட்டியும் இந்தப் பலகை வேலை நமக்கு இப்ப வேணும்" என்று சொல்லுங்கள். நடப்பதற்காகக் காத்திருந்து நாற்காலியைத் தொடாமலேயே வருடங்களை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சுவரில் ஏதாவது ஒட்டியே தீர வேண்டும் என்று உங்களுக்கு இருந்தால், அவரைக் கேட்டுவிட்டு ஒரு தாளில் அவர் கையாலேயே நாள், எத்தனை முறை மாறினார், யார் எவ்வளவு உதவினார், தோல் எப்படி இருந்தது என்று எழுதச் சொல்லலாம். 'அக்கா பலகை வெச்சா' என்று ஆரம்பித்த வரி ஒரு நாள் 'பலகை நானே, அக்கா பக்கத்துல' என்று ஆகும். அவருக்குக் காட்ட வேறு யார் வரியும் தேவைப்படாது. அந்தத் தாளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். படமும் வேண்டாம். அவர் கேட்டால் ஒழிய.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள், அதுவும் ஒரு வகையில் அவரிடம் சொல்லும் வார்த்தைதான். வாசல் படியை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளி ஏற, ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் சாய்தளம் வேண்டும். ஆறு அங்குலப் படி என்றால் ஆறடி. இடம் இல்லையென்றால் குறுக்கே திருப்பிக் கட்டலாம். அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் ஒருவர் பின்னால் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது வெளியே போவதற்கு அவர் யாரையாவது எதிர்பார்த்தே இருக்க வேண்டும். கட்டிலின் உயரத்தையும், கழிவறைக் கதவு நாற்காலி நுழையும் அகலமா என்பதையும் சேர்த்து அளந்துவிட்டு, "வாசல்ல ஆறடிக்குச் சாய்தளம் போடணும், கொத்தனார் வர்றார், நீ வந்து எந்தப் பக்கம்னு சொல்லு" என்று கூப்பிடுங்கள். பெயின்டிங் வேலை பார்த்தவர், கட்டட வேலை அவருக்குத் தெரியும்.

கடைசியாக, இதில் எதுவும் மனச்சோர்வு நோய்க்கு மருந்து அல்ல. வீட்டுக்கு வந்த முதல் மாதங்களில் அழுகையும் கோபமும் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், 'நான் உங்களுக்கெல்லாம் பாரம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அல்லது தோல் பார்ப்பதையும் சிறுநீர் எடுப்பதையும் வேண்டுமென்றே விட்டுவிட்டால், மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அழைப்பதற்கு முன்னால் அவரிடமே நேராகக் கேட்கலாம்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பதில் எதுவாக இருந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள், இடையில் ஊக்கம் சொல்லாதீர்கள்.